விடுபட்ட ஒரு வாக்கியம், மாற்றிக் கொடுத்த மூன்று தாள்கள்

ஒப்படைத்து 23 நாள் ஆன ஒரு சான்றளித்த மொழிபெயர்ப்பில் என் பிழையை நானே கண்டுபிடித்து, திருத்தக் கடிதமும் மாற்றுப் பக்கங்களும் அனுப்பிய கதை இது. ஆட்களை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். பிழையையும் அதைச் சரிசெய்த விதத்தையும் மாற்றவில்லை.

ஆவணம் ஓர் உயில். பழைய தட்டச்சு இயந்திரத்தில் அடித்த ஏழு பக்கத் தமிழ். எழுதியவர் காலமாகிவிட்டார். மூத்த மகள் வெளிநாட்டில் வாரிசு உரிமைக்கு மனுச் செய்வதற்காக ஆங்கில மொழிபெயர்ப்பு கேட்டார். என்னிடம் வந்தது உயிலின் ஒளிநகல். ஆங்கிலத்தில் ஒன்பது பக்கம் வந்தது, பத்தாவது தாள் என் சான்றுரை. ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்தும் முத்திரையும் வைத்து, மூலையில் ஊக்கு அடித்து, மூன்று படிகள் கொடுத்தேன். அன்று மார்ச் 4.

மார்ச் 27 காலையில் அதே அம்மா இன்னொரு தாளை அனுப்பினார். அப்பா பின்னாளில் எழுதிய இரண்டு பக்கத் திருத்த உயில். அதில் ஒரு வரி: "மேற்படி உயிலின் ஏழாவது பத்தியில் கண்ட பொதுக் கிணற்றில் மின்மோட்டார் வைக்கும் செலவை இரு மகள்களும் சரிபாதியாக ஏற்றுக்கொள்ள வேண்டியது." பழைய மொழிபெயர்ப்பில் பொதுக் கிணற்றை என்ன சொல்லி எழுதினேன் என்று பார்க்கலாம் என்று கோப்பைத் திறந்தேன். இரண்டு ஆவணமும் ஒரே சொல்லைப் பேச வேண்டும் அல்லவா? கிணறு என்பதற்கான ஆங்கிலச் சொல்லைத் தேடல் பெட்டியில் தட்டினேன். 'வெல்' என்பது மூன்று இடத்தில் நின்றது. மூன்றும் 'அஸ் வெல் அஸ்'. ஒன்பது பக்கத்தில் கிணறே இல்லை.

மூலத்தை எடுத்து ஏழாவது பத்தியைப் பார்த்தேன். மூன்று வாக்கியங்கள், இப்படி:

"மேற்படி வீட்டையும் அதைச் சேர்ந்த காலி மனையையும் என் மூத்த மகள் சர்வ சுதந்திர பாத்தியங்களுடன் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது. மேற்படி மனையின் பின்புறம் உள்ள கிணற்றையும் அதற்குச் செல்லும் நடைவழியையும் என் இரு மகள்களும் பொதுவில் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது. மேற்படி சொத்தின் பேரில் நாளது தேதி வரை யாதொரு வில்லங்கமும் இல்லை."

என் ஆங்கிலத்தில் முதல் வாக்கியம் இருந்தது. மூன்றாவது இருந்தது. நடுவில் உள்ளது இல்லை.

எப்படி நடந்தது என்பது பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. முதல் வாக்கியமும் இரண்டாவதும் ஒரே சொற்களில் முடிகின்றன. முதல் "ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது" வரை படித்துவிட்டுத் திரையைப் பார்த்துத் தட்டினேன். திரும்பித் தாளைப் பார்த்த கண், இரண்டாவது "வேண்டியது"க்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டது. ஓலைச்சுவடியைப் பார்த்துப் படியெடுத்தவர்களுக்கும் இதே வழுக்கல் உண்டு. ஒரே சொல்லில் முடியும் இரண்டு அடிகளுக்கு நடுவில் இருப்பது காணாமல் போகும். பத்திர நடையில் பெரும்பாலான வாக்கியங்கள் "மேற்படி"யில் தொடங்கி "வேண்டியது" என்று முடிவதால் கண் வழுக்குவதற்கு அதைவிட நல்ல இடம் கிடையாது.

வழக்கமாக நான் பயன்படுத்தும் மொழிபெயர்ப்பு மென்பொருள் மூலத்தை வாக்கியம் வாக்கியமாகப் பிரித்துக் கட்டம் போட்டுக் கொடுக்கும். எதையாவது விட்டால் அந்தக் கட்டம் காலியாகக் கிடந்து காட்டிக்கொடுக்கும். இது ஒளிநகல், அதுவும் மங்கலான தட்டச்சு. எழுத்துணரி மென்பொருளால் படிக்க முடியவில்லை. தாளை மேசையில் வைத்துப் பார்த்துத்தான் அடித்தேன். பிறகு சரிபார்த்தபோது ஆங்கிலத்தை மட்டும் ஓட்டமாகப் படித்தேன். சேர்த்து எழுதிய தவறு துருத்திக்கொண்டு நிற்கும். விட்ட தவறு எந்தத் தழும்பும் வைக்காது, வாக்கியம் இல்லாமலே பத்தி சீராக ஓடும். மொழிபெயர்ப்புச் சேவைக்கான ஐஎஸ்ஓ 17100 தரநிலை, மொழிபெயர்த்தவர் அல்லாத இன்னொருவர் மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று கேட்பது இதற்காகத்தான். அவசர வேலை என்று அந்தப் படியை நான் தாண்டிவிட்டேன்.

கடிதத்துக்கு முன்னால் செய்தவை

உடனே கடிதம் எழுத உட்காரவில்லை. ஒரு திருத்தக் கடிதத்தை எந்த வக்கீலும் பொறுத்துக்கொள்வார். பத்து நாள் கழித்து "இன்னொன்றும் கண்டேன்" என்று இரண்டாவது கடிதம் போனால், அப்புறம் மொத்த மொழிபெயர்ப்பின் மேலும் நம்பிக்கை போய்விடும். ஆகவே முதலில் முழு ஆவணத்தையும் திரும்பப் பார்க்க வேண்டியிருந்தது.

மூலத்தின் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பென்சிலால் வரிசை எண் போட்டேன். 64 வாக்கியங்கள். பிறகு ஆங்கிலத்தில் அந்தந்த வாக்கியம் வருகிற இடத்தில் அதே எண்ணைப் போட்டேன். நீளமான சில தமிழ் வாக்கியங்களை ஆங்கிலத்தில் இரண்டாக உடைத்திருந்தேன், அங்கே ஒரே எண் இரண்டு முறை வரும், பரவாயில்லை. எண் விடுபடக் கூடாது, அவ்வளவுதான். 31ஆம் எண்ணுக்கு மட்டும் இடமில்லை. அதுதான் கிணறு. இன்னொரு சுற்று, எண்களும் பெயர்களும் தேதிகளும் மட்டும். அளவுகள், கதவு எண், சாட்சிகளின் தந்தை பெயர், எல்லாம். அவை சரியாக இருந்தன. இந்த வேலைக்கு மூன்று மணி நேரம் ஆனது. முதல் தடவையே இதைச் செய்திருக்கலாம் என்ற நினைப்பு மூன்று மணி நேரமும் கூடவே இருந்தது.

இந்தச் சுற்றில் எனக்குப் பிடிக்காத இரண்டு இடங்கள் கண்ணில் பட்டன. "சர்வ சுதந்திர பாத்தியம்" என்பதற்கு நான் போட்டிருந்த சொற்றொடர் பிழையில்லை, ஆனால் இன்று எழுதினால் வேறு மாதிரி எழுதுவேன். இன்னோரிடத்தில் ஒரு காற்புள்ளி தேவையில்லாமல் நின்றது. இரண்டையும் தொடவில்லை. பிழையைத் திருத்தும் சாக்கில் மெருகும் போட்டால், "இந்த ஒரு மாற்றம் தவிர வேறெதுவும் மாறவில்லை" என்ற வரியை எழுத முடியாது. அந்த ஒரு வரிதான் கடிதத்தைப் பெறுபவருக்கு மிகப் பெரிய உதவி. பழைய படியையும் புதிய படியையும் வரிவரியாக ஒப்பிடும் வேலையிலிருந்து அது அவரை விடுவிக்கிறது.

அடுத்து தொலைபேசி. இப்படிப்பட்ட செய்தி முதலில் தபாலில் போகக் கூடாது. அதோடு, மூன்று படிகளும் இப்போது எங்கே இருக்கின்றன என்று தெரியாமல் எத்தனை தாள் அனுப்புவது?

"அம்மா, உயில் மொழிபெயர்ப்பில் என் கைத்தவறு ஒண்ணு இருக்கு. ஏழாவது பத்தியில் கிணறு பற்றிய வாக்கியத்தை விட்டுட்டேன். திருத்தி அனுப்புறேன். அதுக்கு முன்னால, நான் கொடுத்த மூணு படியும் எங்க எங்க இருக்குன்னு சொல்லுங்க."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், "ஒண்ணு என்கிட்ட. ஒண்ணு வக்கீல்கிட்ட. ஒண்ணு மனுவோட போட்டாச்சு தம்பி" என்றார். அதற்கடுத்து அவர் கேட்டது எல்லோரும் கேட்பதுதான்: "ஒரு வரிதானே, நானே பேனாவால எழுதிச் சேர்த்துடவா?"

கூடாது. சான்றளித்த பக்கத்தில் என்னுடையதல்லாத ஒரு கை பட்டால் என் சான்றுரை அந்தப் பக்கத்தைத் தாங்காது. பார்க்கிறவர் அதைத் திருத்தம் என்று எடுத்துக்கொள்ள மாட்டார், ஆவணத்தில் கைவைத்ததாகத்தான் எடுத்துக்கொள்வார். நானே பேனாவால் எழுதிச் சுருக்கொப்பம் வைப்பது சில இடங்களில் செல்லும். அதற்கும் மூன்று படிகளும் என் மேசைக்குத் திரும்ப வரவேண்டும். ஒன்று ஏற்கெனவே மனுக் கோப்பில் இருக்கிறது. ஆகவே மாற்றுப் பக்கங்கள்தான் வழி என்று சொன்னேன்.

இன்னொரு விஷயமும் மனதில் ஓடியது, அவரிடம் சொல்லவில்லை. விடுபட்ட வாக்கியம் என் வாடிக்கையாளருக்கு எதிரானது. என் மொழிபெயர்ப்பின்படி வீடும் மனையும் முழுக்க மூத்த மகளுக்கு. மூலத்தின்படி கிணற்றிலும் நடைவழியிலும் தங்கைக்கும் பங்கு உண்டு. நாளைக்கு யாராவது இதைக் கிளறினால், காசு வாங்கிக்கொண்டு விட்டுவிட்டான் என்றுகூடச் சொல்வார்கள். ஆகவே இந்தக் கடிதம் எதிர்த்தரப்பு வக்கீல் கையில் போனாலும் தலைநிமிர்ந்து நிற்கிற மாதிரி இருக்க வேண்டும். அவர் திருத்தத்தை வேண்டாம் என்று சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பேன் என்றும் யோசித்து வைத்திருந்தேன். அவரைத் தாண்டி நேராக மன்றத்துக்கு எழுத எனக்கு உரிமை இல்லை, வாடிக்கையாளரின் ரகசியம் அது. ஆனால் தவறு என்று தெரிந்த சான்றுரையை நிற்க விடவும் முடியாது. மார்ச் 4 தேதியிட்ட சான்றுரையைத் திரும்பப் பெறுகிறேன் என்று அவருக்கே எழுத்தில் கொடுத்திருப்பேன். அதற்குத் தேவை வரவில்லை.

எத்தனை தாள் மாறும்?

ஒரு வாக்கியம் சேர்த்தால் ஒரு பக்கம் மாறும் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆங்கிலத்தில் அந்த வாக்கியம் இரண்டு வரி. நான்காம் பக்கத்தின் நடுவில் வருகிறது. சேர்த்ததும் நான்காம் பக்கத்தின் கடைசி இரண்டு வரி ஐந்தாம் பக்கத்துக்குத் தள்ளப்பட்டது. நல்லவேளை, ஆறாம் பக்கம் சொத்து விவரத்தோடு புதிதாகத் தொடங்குவதால் ஐந்தாம் பக்கத்தின் அடியில் கால்வாசி இடம் காலியாக இருந்தது. தள்ளல் அதோடு நின்றது. ஆகவே மாறியவை 4, 5 இரண்டு பக்கங்கள்.

எழுத்தளவைக் கொஞ்சம் குறைத்து நான்காம் பக்கத்துக்குள்ளேயே அடக்கிவிடலாம் என்ற ஆசை வந்தது. செய்யவில்லை. மற்ற எட்டுப் பக்கங்களோடு பொருந்தாமல் ஒரு பக்கம் மட்டும் நெருக்கமாக இருந்தால் சந்தேகம் வரும். '4அ' என்று நடுவில் ஒரு தாளைச் செருகுவது இன்னொரு வழி. நீளமான விடுபாட்டுக்கு, பத்துப் பதினைந்து பக்கம் தள்ளும் என்றால், அதைச் செய்யலாம். இரண்டு வரிக்காகச் செய்தால் "ஒன்பதில் 4" என்று அடிக்குறிப்பில் போட்ட கணக்கு வீணாகக் குழம்பும்.

நான் ஏறக்குறையத் தவறவிட்டது பத்தாவது தாளை. முதல் வரைவில் 4, 5 பக்கங்களை மட்டும் இணைத்திருந்தேன். கடிதத்தைப் படித்துப் பார்க்கச் சொல்லிச் சக மொழிபெயர்ப்பாளர் ஒருவரிடம் கொடுத்தேன். அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "சான்றுரையில் என்ன தேதி?"

மார்ச் 4. அன்று இந்தப் புதிய நான்காம் பக்கம் உலகத்திலேயே இல்லை. இல்லாத பக்கத்துக்கு அந்தச் சான்றுரை எப்படிப் பொறுப்பேற்கும்? பழைய சான்றுரையின் அடியில் புதுப் பக்கங்களைச் செருகினால் முன்தேதியிட்டுச் சான்று கொடுத்ததற்குச் சமம். அதோடு, அந்தச் சான்றுரையில் உள்ள சொற்களே பொய்யாகிவிட்டிருந்தன. அமெரிக்கக் குடிவரவு விதிகள் மொழிபெயர்ப்பு முழுமையானது, துல்லியமானது என்று இரண்டையும் சொல்லிச் சான்றளிக்கக் கேட்கின்றன. பிரிட்டன் அரசின் வழிகாட்டலில் மூலத்தின் உண்மையான, துல்லியமான மொழிபெயர்ப்பு என்று எழுதித் தேதியும் பெயரும் தொடர்பு விவரமும் கொடுக்கச் சொல்கிறார்கள். என் சான்றுரையிலும் "முழுமையான" என்ற சொல் இருந்தது. மார்ச் 4 அன்று அது முழுமை இல்லை. பக்கத்தை மாற்றினால் அந்த அறிக்கை பின்னோக்கி உண்மையாகிவிடாது. புதிய தேதியில் புதிய சான்றுரை வேண்டும்.

ஆகவே ஒரு படிக்கு மூன்று தாள்: 4, 5, சான்றுரை. வாடிக்கையாளர் கையில் உள்ளதற்கும் வக்கீல் கையில் உள்ளதற்கும் ஆளுக்கொரு தொகுதி. மனுவோடு போய்விட்ட மூன்றாவது படியின் கதை வேறு. கோப்பில் ஏறிய ஆவணத்திலிருந்து யாரும் தாளை உருவிப் புதுத் தாளைச் செருக முடியாது, செருகவும் கூடாது. பழையது அங்கேயே இருக்கும், திருத்தியது கடிதத்தோடு கூடுதலாகத் தாக்கலாகும். அதற்கு மாற்றுப் பக்கங்கள் போதாது. ஒன்பது பக்கமும் புதிய சான்றுரையும் கொண்ட முழுப் படி ஒன்று வேண்டும். தாக்கல் செய்வதா, எப்படிச் செய்வது என்பது வக்கீலின் வேலை.

தாள் மாற்றும் வழி எல்லா இடத்திலும் ஓடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். என் படிகள் ஊக்கு மட்டும் அடித்தவை, ஒவ்வொரு பக்கமும் தனித்தனியே கையெழுத்தானவை. அதனால் தாள்களைப் பிரிக்க முடிந்தது. உறுதிமொழி எடுத்த மொழிபெயர்ப்பாளர்கள் சில நாடுகளில் மூலத்தின் நகலையும் மொழிபெயர்ப்பையும் சேர்த்துக் கட்டி, மடித்த மூலையின் மேல் எல்லாத் தாள்களிலும் படுகிற மாதிரி முத்திரை குத்துகிறார்கள். அந்தக் கட்டைப் பிரித்தாலே ஆவணம் கெட்டது. அங்கே மாற்றுப் பக்கம் என்ற பேச்சே இல்லை, முழுசாகப் புதிதாகக் கட்டித்தான் கொடுக்க வேண்டும்.

புதிய 4, 5 பக்கங்களின் தலைப்பில் சிறிய எழுத்தில் ஒரு வரி சேர்த்தேன்: திருத்திய பக்கம், மார்ச் 28, மார்ச் 4 தேதியிட்ட 4ஆம் பக்கத்துக்குப் பதிலாக. இந்த வரி இல்லாவிட்டால் பழைய நான்காம் பக்கமும் புதிய நான்காம் பக்கமும் மேசையில் அருகருகே கிடக்கும்போது எது எதென்று யாராலும் சொல்ல முடியாது.

கடிதம்

முதல் வரைவு மோசமாக இருந்தது. "ஒரு சிறு தட்டச்சுப் பிழை காரணமாக" என்று தொடங்கியிருந்தேன். ஒரு வாக்கியம் முழுசாகப் போயிருக்கிறது, அது தட்டச்சுப் பிழை இல்லை. சிறியதா பெரியதா என்று தீர்ப்புச் சொல்லவும் நான் ஆளில்லை. "சில மாற்றங்கள் செய்யப்பட்டுள்ளன" என்று இன்னொரு வரி. எத்தனை, எங்கே, யார் செய்தது என்று அதில் எதுவும் இல்லை. அவசர வேலை, மங்கலான நகல் என்று மூன்று வரிச் சமாதானம் வேறு. எல்லாவற்றையும் அடித்தேன். நகல் மங்கல் என்பது உண்மைதான், ஆனால் அந்த வாக்கியம் நன்றாகவே படிக்கும்படி இருந்தது. அதைக் காரணமாகச் சொன்னால், மங்கலான மற்ற இடங்களையும் நான் ஊகித்துத்தான் எழுதினேனோ என்ற கேள்வியை நானே எழுப்பியதாகும்.

மறுமுனையில் இன்னொரு ஆபத்தும் உண்டு. "என் தவறால் உங்களுக்கு ஏற்பட்ட இழப்புக்கு நானே முழுப் பொறுப்பு" என்று உருகி எழுதுவது. தொழில்முறைப் பொறுப்புக் காப்பீடு வைத்திருப்பவர்கள் ஒப்பந்தத்தை எடுத்துப் பார்க்க வேண்டும். பலவற்றில் பிழை தெரிந்தவுடன் காப்பீட்டாருக்குச் சொல்ல வேண்டும், அவரைக் கேட்காமல் இழப்பீட்டுப் பொறுப்பை ஒப்புக்கொள்ளக் கூடாது என்று இருக்கும். என்ன விடுபட்டது, யார் விட்டது, எப்படித் திருத்தியிருக்கிறது என்பதை ஒளிக்காமல் சொல்ல அது தடையில்லை. அதன் சட்ட விளைவு என்ன, யாருக்கு எவ்வளவு நஷ்டம் என்பதுதான் கடிதத்தில் வரக் கூடாது. காப்பீட்டாருக்கு அன்றே ஒரு மின்னஞ்சல் போட்டுவிட்டு வந்து எழுதினேன்.

இரண்டு மொழியிலும் எழுதினேன். அம்மாவுக்குத் தமிழ், கோப்புக்கு ஆங்கிலம். தமிழ்ப் படி இது:

மார்ச் 28

பொருள்: உயில் மொழிபெயர்ப்பில் (என் கோப்பு எண் 118) ஒரு வாக்கியம் விடுபட்டது. திருத்திய பக்கங்கள் இணைப்பு.

அம்மா அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் தந்தையாரின் உயிலுக்கு நான் செய்து, மார்ச் 4 அன்று சான்றளித்துக் கொடுத்த ஆங்கில மொழிபெயர்ப்பில் ஒரு வாக்கியத்தை விட்டுவிட்டேன். நேற்று தங்களுக்கு வேறொரு ஆவணத்தை மொழிபெயர்க்கும்போது இது தெரியவந்தது. நேற்றே தொலைபேசியில் தெரிவித்தேன்.

விடுபட்டது மூலத்தின் 3ஆம் பக்கம், 7ஆம் பத்தியின் இரண்டாவது வாக்கியம்: "மேற்படி மனையின் பின்புறம் உள்ள கிணற்றையும் அதற்குச் செல்லும் நடைவழியையும் என் இரு மகள்களும் பொதுவில் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது." இதன் மொழிபெயர்ப்பு திருத்திய 4ஆம் பக்கத்தில் 7ஆம் பத்தியில் சேர்க்கப்பட்டுள்ளது. இதனால் 4ஆம் பக்கத்தின் கடைசி இரண்டு வரிகள் 5ஆம் பக்கத்துக்குச் சென்றுள்ளன. அவற்றின் சொற்கள் மாறவில்லை.

மொழிபெயர்ப்பு முழுவதையும் மூலத்தோடு வாக்கியம் வாக்கியமாக மீண்டும் ஒப்பிட்டேன். மேற்கண்ட ஒன்றைத் தவிர வேறு எந்த மாற்றமும் செய்யவில்லை. 1 முதல் 3 வரையும் 6 முதல் 9 வரையும் உள்ள பக்கங்கள் முன்பு கொடுத்தபடியே உள்ளன.

மார்ச் 4 தேதியிட்ட என் சான்றுரையைத் திரும்பப் பெறுகிறேன். அதற்குப் பதிலாக இன்றைய தேதியிட்ட சான்றுரை இணைக்கப்பட்டுள்ளது.

இணைப்பு: (அ) திருத்திய 4, 5 பக்கங்களும் புதிய சான்றுரையும், இரண்டு தொகுதிகள். ஒன்று தங்கள் படிக்கு, ஒன்று தங்கள் வழக்கறிஞரின் படிக்கு. (ஆ) ஒன்பது பக்கமும் புதிய சான்றுரையும் கொண்ட முழுப் படி ஒன்று. ஏற்கெனவே தாக்கல் செய்த படிக்காக. (இ) இந்தக் கடிதத்தின் ஆங்கில வடிவம், கையெழுத்துடன், மூன்று படிகள்.

தங்களிடமும் வழக்கறிஞரிடமும் உள்ள படிகளிலிருந்து பழைய 4, 5 பக்கங்களையும் பழைய சான்றுரையையும் எடுத்துவிட்டு, இணைத்துள்ளவற்றை அந்த இடங்களில் வைக்கவும். எடுத்த தாள்களைத் தபால்தலை ஒட்டிய இத்துடனுள்ள உறையில் எனக்குத் திருப்பி அனுப்பக் கேட்டுக்கொள்கிறேன். தாக்கலான படியிலிருந்து எந்தத் தாளையும் எடுக்க வேண்டாம். அதை எப்படித் திருத்துவது என்பதை வழக்கறிஞர் முடிவு செய்வார். அவருக்குத் தேவையான விளக்கத்தை எழுத்தில் தரத் தயாராக இருக்கிறேன். மார்ச் 4 தேதியிட்ட மொழிபெயர்ப்பின் ஒளிநகலையோ மின்படியையோ வேறு யாருக்கேனும் கொடுத்திருந்தால், அவர்களுக்கும் இந்தக் கடிதத்தின் நகலைக் கொடுக்கவும்.

இந்தத் திருத்தத்துக்குக் கட்டணம் எதுவும் இல்லை. இந்த வாக்கியத்தை விட்டது என் தவறு. அதற்காக வருந்துகிறேன்.

கையெழுத்து, முத்திரை

இதில் நான் அதிக நேரம் செலவிட்டது "மாறவில்லை" என்று சொல்லும் பத்தியில்தான். மன்னிப்பு கடைசியில், இரண்டே வாக்கியத்தில் வருகிறது. முன்னால் வைத்தால், என்ன நடந்தது என்று தேடுகிற வக்கீல் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். மூலத் தமிழ் வாக்கியத்தை அப்படியே எடுத்துப் போட்டதற்கும் காரணம் உண்டு. யார் வேண்டுமானாலும் உயிலின் மூன்றாம் பக்கத்தைத் திறந்து, என் பேச்சை நம்பாமலே சரிபார்த்துக்கொள்ளலாம். ஆங்கில வடிவத்தில் இதே வாக்கியம் தமிழிலும் ஆங்கிலத்திலும் அடுத்தடுத்து இருந்தது.

திரும்பி வந்தவை

வக்கீல் முழுப் படியையும் கடிதத்தையும் கூடுதல் ஆவணமாகத் தாக்கல் செய்தார். அவர் கேட்ட ஒரே விளக்கம், மொழிபெயர்ப்பு எப்போது, எதை வைத்துத் திரும்ப ஒப்பிடப்பட்டது என்பது. பென்சில் எண் போட்ட மூலத்தின் நகலை அனுப்பினேன், அத்தோடு விட்டார். அவர் படியிலிருந்து எடுத்த மூன்று தாளும் பத்து நாளில் வந்து சேர்ந்தன.

சமாளிக்க முடியாமல் போனது மின்படியைத்தான். மார்ச் 4 அன்றே அம்மா கேட்டதற்காக வருடிய கோப்பு ஒன்றை அனுப்பியிருந்தேன். அதைத் தங்கைக்கும் ஒரு வங்கிக்கும் அனுப்பியதாகச் சொன்னார். தங்கைக்குக் கடிதத்தின் நகல் போனது. வங்கியில் அது யார் பெட்டியில் கிடக்கிறது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. பொது முகவரிக்குத் திருத்திய கோப்பையும் கடிதத்தையும் அனுப்பிவிட்டு, அனுப்பியதற்கான பதிவை எடுத்து வைத்துக்கொண்டார். காகிதத்தைத் திரும்ப வாங்கலாம், அனுப்பிவிட்ட கோப்பைத் திரும்ப வாங்க முடியாது. இப்போதெல்லாம் நான் கொடுக்கிற மின்படியின் ஒவ்வொரு பக்கத்திலும் கோப்பு எண்ணும் தேதியும் இருக்கும். பழைய பக்கம் ஒன்று தனியே எங்காவது சுற்றிக்கொண்டிருந்தாலும், எந்தத் தேதியில் பிறந்தது என்று அதன் முகத்திலேயே தெரிய வேண்டும்.

அம்மாவின் உறை மூன்று வாரம் கழித்து வந்தது. பழைய சான்றுரை, பழைய ஐந்து, பழைய நான்கு. கோப்பில் வைப்பதற்குமுன் ஒவ்வொன்றின் குறுக்கேயும் கோடு போட்டு "நீக்கப்பட்டது" என்று எழுதுவது வழக்கம். நான்காம் பக்கத்தில் கோடு போடப் போனபோது, ஏழாவது பத்தியின் ஓரத்தில் பென்சிலில் மெல்லிசாக ஏதோ தெரிந்தது. விளக்கடியில் பிடித்துப் பார்த்தேன். "கிணறு?" என்று எழுதியிருந்தது.

உறை வந்துவிட்டதென்று சொல்லக் கூப்பிட்டபோது அதைப் பற்றிக் கேட்டேன்.

"அது வந்த அன்னைக்கே பார்த்தேன் தம்பி. ஆங்கிலத்துல சுருக்கிச் சொல்லியிருப்பீங்கன்னு நினைச்சேன்."